நாலாவது வரியைப் போடாதீங்க

அந்த அலுவலகத்தில் அவருக்கு மியூட் மாமா என்று பெயர். வயது நாற்பத்தாறு. கைபேசியில் ஓடும் முப்பது நொடி விளம்பரப் படங்களுக்குத் தமிழில் எழுத்து போடுவது தொழில். மிக்ஸி, துடைப்பம், தலைமுடி எண்ணெய், எது வந்தாலும் போடுவார். பேருந்திலும் வங்கி வரிசையிலும் தூங்கும் குழந்தையின் பக்கத்திலும் உட்கார்ந்து மக்கள் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பது அவர் கண்டறிந்த பேருண்மை. ஆகவே அவரும் சத்தத்தை அணைத்துவிட்டே வேலை செய்தார். பத்தியம் இருக்கும் நோயாளிக்குச் சமைப்பவன் தானும் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்பது அவர் கட்சி. பதினோரு வருடமாக அவர் மேசையில் ஹெட்போன் என்ற ஒன்று இருந்ததில்லை.

கண்டிப்பான மனிதர். திரையில் ஒரே சமயத்தில் இரண்டு வரிக்கு மேல் நிற்கக் கூடாது. எவ்வளவு குட்டி வரியானாலும் இரண்டு நொடியாவது நிற்க வேண்டும். அடியில் ஒட்டவே கூடாது. அங்கே செயலியின் பட்டன்களும் கணக்கின் பெயரும் வந்து எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 'கோ' என்ற ஒரே எழுத்தைக் கணினி இரண்டு எழுத்தாக எண்ணும்போதெல்லாம் அதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்வார்.

வீட்டிலும் டிவி ஊமையாகத்தான் ஓடும். "கல்யாணமான புதுசுலயாவது நான் பேசுனது காதுல விழுந்துச்சா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"நீ பேசுறப்ப கீழ ரெண்டு வரி ஓடுனா நல்லா இருக்கும்னு அப்பவே நெனச்சேன்" என்றார். அன்று இரவு அவருக்குச் சோறு மட்டும் வந்தது, குழம்பு வரவில்லை.

அலுவலகத்தில் அவரை மாமா என்று கூப்பிடாதவள் ஒருத்திதான். வாசகங்களை எழுதித் தருகிற பெண். 'அண்ணா' என்பாள். எடிட்டர் படத்தை வெட்டி ஒட்ட நேரக்கணக்கு வேண்டுமே, அதற்காக வாசகத்தைத் தன் குரலிலேயே ஒரு தடவை பேசிப் பதிவு செய்து கொடுப்பாள். அதற்கு கைடு என்று பெயர். பிறகு கூலிக்குப் பேசும் குரல்காரர் வந்து ஒழுங்காகப் பேசியதும் கைடைப் படத்திலிருந்து தூக்கி எறிந்துவிடுவார்கள். கைடின் இடைவெளிகளில் அவள் மியூட் மாமாவுக்குச் சில குறிப்புகளும் பேசி வைப்பாளாம். அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வாசகத் தாள்தான் இருக்கிறதே!

அந்தப் பெண் போன கோடையில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அலுவலகம் ஒரு மாலை வாங்கியது. முதலாளி அவள் நாற்காலியைப் பிரிண்டருக்குக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அவள் கடைசியாக எழுதிய படம் வெளியானது. இட்டிலி முதல் காய்கறி வரை வேகவைக்கும் ஒரு நீராவிப் பாத்திரம். ஆறு வரிகள். நாலாவது வரி: 'மூடி சுடாது. வெறும் கையால் திறங்க!' திரையில் ஒரு பெண் குபுகுபு ஆவிக்கு நடுவே மூடியைச் சிரித்துக்கொண்டே எடுக்கிறாள். ஐந்து நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

படத்தின் கீழே வரும் கருத்துகளைப் படிப்பதும் மியூட் மாமாவின் வேலையே. ஆறாம் நாள் காலை ஒருவர் எழுதியிருந்தார்: 'எனக்குக் கண் தெரியாது. உங்கள் படத்தைக் கேட்கத்தான் முடியும். அதில் ஒரு பெண், அண்ணா, நாலாவது வரியைப் போடாதீங்க என்கிறாரே, அது எந்த அண்ணா?'

அதன் கீழே இருபத்து மூன்று பேர் சண்டைக்கு வந்திருந்தார்கள். 'எந்தப் பெண்?' 'படத்தில் யாரும் பேசவே இல்லை.' 'நான் நாலு தடவை பார்த்தேன், சத்தியமாக யாரும் இல்லை.' சத்தியம் செய்த ஒருவரும் சத்தத்தைத் திறக்கவில்லை.

மியூட் மாமா எழுந்துபோய் எடிட்டரின் ஹெட்போனை இரவல் கேட்டார். எடிட்டர் கழற்றிக் கொடுத்தார். "மாமா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

காதில் மாட்டினார். துள்ளிசை. அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, அந்தப் பெண். முதல் மூன்று வரிகளையும் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள். பிறகு ஒரு மூச்சு. அவர் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டதுபோல இருந்தது, திரும்பிப் பார்த்தார். பிரிண்டர் உட்கார்ந்திருந்தது.

"அண்ணா, நாலாவது வரியைப் போடாதீங்க. ஷூட்டிங்ல பாத்திரம் ஜில்லுனு இருந்துச்சு. ஆவிய எடிட்டர் அப்புறம்தான் ஒட்டுவாரு. நான் வீட்ல வச்சுப் பாத்தேன், மூடி கொதிக்குது. தாள்ல மாத்தி எழுதினேன், முதலாளி அடிச்சிட்டாரு. நீங்களாவது கேளுங்க."

எடிட்டர் தன் கணினியில் கோப்பைத் திறந்து பார்த்தார். "செலவு எதுக்கு, எவன் கேக்குறான்னு முதலாளி குரல்காரரே வேணாம்னுட்டாரு மாமா. நான் கைடை அணைக்க மறந்து அப்படியே ஏத்திட்டேன் போல."

"நீ கேட்டுப் பாக்கலையா?"

"நீங்கதான மாமா, ஊமையாப் பாருடான்னு சொல்லிக் குடுத்தீங்க."

மூன்று லட்சம் பேர். மூடிக்கு நேராக நீளும் மூன்று லட்சம் வெறும் கைகள் மியூட் மாமாவின் கண்ணுக்குள் வரிசை கட்டின. அந்தக் கைகளுக்கெல்லாம் வழிகாட்டியது அவர் போட்ட எழுத்து. தடித்த மஞ்சளில், கறுப்பு ஓரம் வைத்து, இரண்டரை நொடி.

முதலாளிக்கு விஷயம் போனது. அவர் பேய்க்கும் பயந்தார், பாத்திரம் விற்கிற வாடிக்கையாளருக்கும் பயந்தார். "குரலைத் தூக்கு. இப்பவே தூக்கு. படத்தை எறக்கிட்டு மறுபடி ஏத்து."

"நாலாவது வரி?"

"எழுத்து என்னய்யா பண்ணுச்சு? அது பாட்டுக்கு இருக்கட்டும். குரல்தான் பிரச்சினை. வேற ஏதாவது மாத்துனா நாளைக்கு நீ வர வேணாம்."

எழுத்து படத்தோடு சேர்த்து அச்சாகிவிடுவது. ஏறிய படத்தில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்த முடியாது. புதிதாக ஏற்றினால்தான் உண்டு. ஆக, கிடைத்தது இந்த ஒரு சந்தர்ப்பம். எடிட்டர் குரலை நீக்கினார். மியூட் மாமா நாலாவது வரியை அழித்துவிட்டு எழுதினார்: 'மூடி சுடும். துணி பிடித்துத் திறங்க!' அதே மஞ்சள், அதே இரண்டரை நொடி. வேலை போனால் வீட்டில் சோறும் வராது என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் புது வரியை அழிக்கவில்லை.

முதலாளி பார்வையிட வந்தார். ஹெட்போனை மாட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். முப்பது நொடியும் உதடு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. "இல்ல... போயிட்டா. ஏத்து" என்றார். வாடிக்கையாளரின் ஆள் போனில் கேட்டார்: "அந்தக் குரல் வரலையே?" "வரல." "அப்ப ஓகே." சரித்திரத்திலேயே முதல் தடவையாக அந்த அலுவலகத்தில் எல்லோரும் படத்தைக் காதால் பார்த்தார்கள், ஒருவரும் வாசிக்கவில்லை.

படம் ஏறியது. மியூட் மாமாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிய மாதிரி இருந்தது, மறுநாள் காலை வரை.

காலையில் கண் தெரியாதவர் மறுபடி எழுதியிருந்தார்: 'அந்தப் பெண் இப்போது பேசவில்லையே. போய்விட்டாரா? என்னிடமும் அந்தப் பாத்திரம் இருக்கிறது. இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.'

மியூட் மாமாவுக்குச் சுரீரென்றது. மஞ்சள் எழுத்தால் இவருக்கு என்ன பயன்? இவரைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே எச்சரிக்கையை நேற்று அவரே பக்கத்தில் நின்று பிடுங்கவிட்டார். உட்கார்ந்து அந்த மனிதருக்குத் தனிச்செய்தியாகப் பதில் அனுப்பினார்: 'மூடி சுடும். துணி பிடித்துத் திறங்கள். முந்தைய வரி தவறு, தவறு என்னுடையது.' கண் தெரியாதவர்களுக்கு எழுத்தைக் கைபேசியே உரக்க வாசித்துக் காட்டும் என்பது தெரிந்ததுதான்.

சிறிது நேரத்தில் பதில் வந்தது.

'நன்றி. கேட்டுக்கொண்டேன். என் போனில் எப்போதும் ஓர் ஆண் குரல்தான் வாசிக்கும். உங்கள் பதிலை மட்டும் அந்தப் பெண் வாசித்தார். குரல் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.'

மியூட் மாமா அதை மூன்று தடவை படித்தார். போன் மென்பொருள் மாறியிருக்கும், குரல் மாறியிருக்கும், ஆயிரம் காரணம் சொல்லலாம் என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு, நூலிழை கூடாமல் இரண்டே வரியில் எழுதினார்: 'தங்கச்சி, மாத்திட்டேன்மா. வேற எந்தப் படத்துல சொல்லி வச்சிருக்கே?'

அனுப்பினார். படித்தாகிவிட்டது என்ற குறி விழுந்தது. பதில் வரவில்லை. மியூட் மாமா எடிட்டரின் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, பழைய கைடுகள் கிடக்கும் கோப்புறையைத் திறந்தார். நூற்றுப் பன்னிரண்டு இருந்தன.