லிஸ்டில் இல்லாத கார்டு

9-11-2015 — ப்ராசஸரும் மதர்போர்டும்: ரூ. 31,400
அன்றே — 32 ஜிபி ராம்: ரூ. 15,600
அன்றே — எஸ்எஸ்டி டிஸ்க்: ரூ. 13,200
அன்றே — கேமிங் கார்டு: ரூ. 17,800
அன்று வாங்காமல் விட்டது — சர்டிஃபைடு கார்டு: ரூ. 38,500
3-3-2016 — அதே சர்டிஃபைடு கார்டு: ரூ. 39,200

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் சாலையில், விதை மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எல்வினின் டிராயிங் ஆபீஸ் இருந்தது. 1998-இல் தொடங்கியபோது அங்கே அவரையும் சேர்த்து ஐந்து பேர். ஒருவன் பெங்களூர் போனான், இருவர் அபுதாபி போனார்கள், கடைசி ஆள் கனடாவுக்கு விசா வந்த மறுவாரமே கிளம்பிவிட்டான். நான்கு நாற்காலிகளையும் விற்க எல்வினுக்கு மனம் வரவில்லை. வாரம் ஒரு முறை தூசி தட்டி, பழையபடி மேசைக்குள் தள்ளி வைப்பார்.

வேலை டென்மார்க்கிலிருந்து வந்தது. தானியம் உலர்த்தும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனி. அவர்கள் அனுப்பும் கணக்குகளை வைத்து முழு இயந்திரத்தையும் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாகக் கட்டி, பட்டறைக்கு வேண்டிய வரைபடங்களை எடுத்துக் கொடுப்பார் எல்வின். ஜன்னலுக்கு வெளியே, ஈரநெல்லை ஆட்கள் தார்ச்சாலையில் கொட்டிக் காலால் கோடு கிழித்துப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே அவர், தான் கண்ணால் பார்க்காத ஒரு நாட்டின் பார்லியை எந்தச் சூட்டில் எத்தனை அடி உயரத்திலிருந்து விழவைப்பது என்று வரைந்துகொண்டிருப்பார்.

அவர் மனைவி ரோஸ்லின் மஸ்கட்டில் நர்ஸ். போய்ப் பதினொரு வருஷம். மகள் ஃபெபி சென்னையில் பல் மருத்துவம் மூன்றாம் வருஷம். இரண்டு சம்பளத்தில் ஒன்றாவது உறுதியாக இருந்தால்தான் அந்தப் படிப்பு ஓடும். ரோஸ்லினின் ஒப்பந்தம் 2016-இல் முடியவிருந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊர் திரும்புவதா என்று மார்ச் 31-ஆம் தேதிக்குள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும். டென்மார்க்காரர்கள் மூன்று வருஷ வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய உலர்த்தி ஒன்றின் வரைபடங்களை பிப்ரவரி 29-க்குள் கொடுத்தால், அதைப் பரிசீலித்து மூன்று வாரத்தில் முடிவைக் கடிதமாக அனுப்புவதாக அங்கிருந்த இஞ்சினியர் ஹென்ரிக் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் வந்தால் ரோஸ்லின் வீட்டுக்கு வந்துவிடுவாள். இருவரும் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

இந்த வேலைக்காகத்தான் நவம்பரில் புது மிஷின் வாங்கினார். கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜெகபர் அலி இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு பெட்டிகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டுக்கும் உள்ள இருக்கிற சிப்பு ஒரே குடும்பந்தான் எல்வின் சார். இது பசங்க கேம் விளையாட வாங்குறது. பதினேழாயிரத்து எண்ணூறு. இது இஞ்சினியருக்கு. முப்பத்தெட்டரை."

"குடும்பம் ஒண்ணுன்னா, மிச்ச இருபதாயிரத்துக்கு என்ன குடுக்கிறான் பாய்?"

"டிரைவர் வேற, அதான் கார்டை ஓட்டுற புரோகிராம். உங்க சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் இந்தக் கார்டு, இந்த டிரைவர் நம்பர்னு வச்சு ஓட்டிப் பாத்து, சரியா ஓடுதுன்னு லிஸ்ட்ல போட்டிருக்கான்."

"வேகம்?"

"கேமிங் கார்டுதான் பேப்பர்ல வேகம். நான் ஏன் பொய் சொல்லணும்? நீங்க வீட்டுக்குப் போய் கடிகாரம் வச்சுப் பாப்பீங்க. நாளைக்கு வந்து என் மானத்தை வாங்குவீங்க."

எல்வின் அப்படிப்பட்டவர்தான். பழைய மிஷினை விற்குமுன் அதிலேயே கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தார். பெரிய மாடலைத் திறப்பது ப்ராசஸரும் எஸ்எஸ்டியும் செய்யும் வேலை. ஒரு அளவை மாற்றி மாடலை மறுபடி கட்டும்போது ப்ராசஸரின் கோர்களில் ஒன்றுதான் மாரடிக்கிறது, மற்றவை கைகட்டி நிற்கின்றன. அதனால் கோர் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகத்தைப் பார்த்து ப்ராசஸர் எடுத்தார். ராம் தாராளமாகப் போட்டார். கார்டின் பங்கு, மாடலைத் திரையில் சுற்றிப் பார்ப்பதில்தான். கடையிலேயே போட்டுப் பார்த்ததில், ஓரக்கோடுகளோடு சுற்றும்போது கேமிங் கார்டு கொஞ்சம் திக்கியது. அந்தத் திக்கலுக்கு இருபதாயிரம் அதிகம் என்று முடிவு செய்தார். கணக்கில் பிழை இல்லை.

பிப்ரவரி 20, சனிக்கிழமை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பாகங்கள் கொண்ட அந்த உலர்த்தியை நடுவில் வெட்டிக் காட்டும் வரைபடத்தை எடுக்கப் போனபோது மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி மூடிக்கொண்டது. வெட்டுப்படம் இல்லாமல் பட்டறைக்காரன் ஒரு தகட்டைக்கூட வளைக்க மாட்டான்.

திங்கட்கிழமை சென்னையில் சப்போர்ட்டுக்குப் போன் போட்டார். வருஷச் சந்தா கட்டியிருந்தார். அம்ருதா என்ற பெண் எடுத்தாள். பொறுமையான குரல்.

"சார், உங்க கிராஃபிக்ஸ் கார்டு என்ன மாடல்?"

சொன்னார். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"இது சர்டிஃபைடு லிஸ்ட்ல இல்லையே சார்."

"கார்டு காரணம் இல்லம்மா. கார்டே வேண்டாம், நீயே வரைஞ்சுக்கோன்னு சாஃப்ட்வேர்ல ஒரு டிக் இருக்குல்ல, அதைப் போட்டும் பாத்துட்டேன். அப்பவும் மூடிக்குது."

"புரியுது சார். நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா லிஸ்ட்ல இல்லாத கார்டுன்னா மேல டெவலப்மென்ட் டீமுக்கு அனுப்ப எனக்கு வழி இல்ல. முதல்ல கார்டை மாத்திட்டு வாங்கன்னு அங்கேயே திருப்பி விட்டுடுவாங்க."

"தப்பு பண்ணாதவன் எதுக்கும்மா அபராதம் கட்டணும்?"

அவள் கொஞ்சம் தயங்கி, "ஆபீஸ்ல வேற மிஷின் இருக்கா சார்? பக்கத்து சீட்ல யார்கிட்டயாவது?" என்று கேட்டாள்.

எல்வின் நாற்காலிகளைப் பார்த்தார். "இல்லம்மா" என்றார்.

அன்றிலிருந்து பத்து நாள் அவரே தேடினார். மாடலைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி வெட்டிப் பார்த்தார். ஒரு பாதி சரியாக வரும். திரும்ப மற்ற பாதியோடு சேர்த்தால் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பாகங்களைப் பிடித்திருந்த இணைப்புகள் பிய்ந்து, அவற்றைச் சரிசெய்யவே அரைநாள் போயிற்று. மூடிக்கொண்டது பாகத்தாலா, பிய்ந்த இணைப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மதியம் கீழே கடையில் டீ குடிக்கும்போது மட்டும் யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசினார். அதுவும் சர்க்கரை கம்மியா என்பதைப் பற்றி. வெள்ளிக்கிழமை ரோஸ்லினுக்கு விடுமுறை. காலையில் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஒரு கார்டுதானே? வாங்கிப் போட்டா என்ன?"

"அது காரணம் இல்லைன்னு நிரூபிச்சுட்டேன் ரோஸ்."

"யாருக்கு நிரூபிச்சீங்க?"

எல்வின் பேச்சை ஃபெபியின் பரீட்சைக்கு மாற்றினார். கேட்டிருந்த 29-ஆம் தேதி போய்விட்டது. ஹென்ரிக் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். பரிசீலனையும் அதற்கேற்பத் தள்ளிப்போகும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

மார்ச் 3-ஆம் தேதி ஜெகபர் அலியின் கடைக்குப் போனார். விலை எழுநூறு ரூபாய் ஏறியிருந்தது.

"தங்கம் மாதிரி ஏறுது சார். பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு கார்டு போட்டுடலாம்" என்றார் ஜெகபர் அலி. எல்வின் சிரிக்கவில்லை என்றதும் பில்லை மடித்துக் கொடுத்தார்.

புதுக் கார்டைச் செருகி, லிஸ்டில் எந்த டிரைவர் எண் இருந்ததோ அதையே தேடிப் போட்டார். அதைவிடப் புதியது ஒன்று வந்திருந்தும் போடவில்லை. மாடல் எண்ணெய் விட்டதுபோலச் சுற்றியது. மறுபடி கட்ட எடுத்த நேரம் பழையபடியே நான்கு நிமிஷம் பத்து நொடி. வெட்டுப்படம் எடுக்கப் போனார். மென்பொருள் மூடிக்கொண்டது.

"இப்ப கார்டு லிஸ்ட்ல இருக்கும்மா. இப்பவும் மூடிக்குது."

"ரொம்ப நல்லது சார்" என்று சொல்லிவிட்டு அம்ருதா அவசரமாகத் திருத்தினாள். "ஐயோ, நல்லதுன்னு சொல்ல வரலை சார். இப்ப அனுப்பலாம்."

ஐந்து நாளில் பதில் வந்தது. அதைச் சொல்ல அவளே கூப்பிட்டாள்.

"சார், மேல இருக்கிற அந்த ஊதுவிசிறி யார் வரைஞ்சது?"

"நான் வரையலை. விசிறி விக்கிற கம்பெனிக்காரன் சைட்ல இருந்து இறக்கினது. எப்பவும் அங்கேயிருந்துதான் எடுப்பேன்."

"அதைத் தனியாத் திறந்து, நடுவுல வெட்டிப் பாருங்க."

விசிறியை மட்டும் திறந்து வெட்டினார். மூடிக்கொண்டது. இறக்கை ஒன்றின் முகம் தன்மேலேயே மடிந்து கிடந்ததாம். வெட்டுக்கோடு சரியாக அதன் வழியே போயிற்று. மென்பொருள் அதைப் பிழை என்று சொல்லியிருக்க வேண்டும், மூடிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்த பதிப்பில் திருத்துவதாக எழுதியிருந்தார்கள். அதுவரை விசிறியை எடுத்துவிட்டு, அதே வெளியளவில் வெறும் உருளை ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

உருளையை வைத்தார். இரண்டே நிமிஷத்தில் வெட்டுப்படம் வந்து நின்றது.

"அப்போ கார்டு காரணம் இல்லதானே?"

"இல்ல சார். நீங்க முதல் நாள் சொன்னதுதான் சரி." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா அன்னிக்கே அந்தக் கார்டு இருந்திருந்தா, அன்னிக்கே அனுப்பியிருப்பேன் சார்."

எல்வினுக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்து பேர் இருந்த காலத்தில் யாராவது எட்டிப் பார்த்து, "இறக்கின பார்ட்டையெல்லாம் முதல்ல எடுத்துட்டுப் பாருங்க சார்" என்று சொல்லியிருப்பான். அந்த ஆபீசுக்குக் கேமிங் கார்டு போதும். தனி ஆளுக்கு, மறுமுனையில் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். அந்த இருபதாயிரத்துச் சொச்சத்துக்கு விற்றது அதைத்தான்.

மார்ச் 12-ஆம் தேதி எல்லா வரைபடங்களும் டென்மார்க் போயின. மூன்று வாரம் என்றால் ஏப்ரல் பிறந்துவிடும். இடையில் பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் மறுநாள் வரை அங்கே ஆபீஸ் மூடல். முடிவை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று எல்வின் கேட்டு எழுதினார். வேலை நன்றாக இருக்கிறது என்றும், தான் ஒருவனே முடிவு சொல்ல முடியாது என்றும் ஹென்ரிக் பதில் போட்டார்.

மார்ச் 30, புதன்கிழமை மாலை டியூட்டி முடிந்து ரோஸ்லின் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கடைசிங்க."

"ம்."

"கடிதம் வரும்னு சொல்லுங்க. அது போதும். ஒப்பந்தம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நான் கிளம்பிடுறேன்."

வரும் என்றுதான் எல்வினுக்கும் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஃபெபியின் அடுத்த பீஸ் ஜூலையில்.

"இன்னும் வரலை ரோஸ்."



"லிஸ்ட்ல இருந்தாத்தான் நம்புவீங்க" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. "சரி, சாப்பிட்டுப் படுங்க."

மார்ச் 31-ஆம் தேதி ரோஸ்லின் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வருஷ வேலையை எல்வினுக்கே தந்திருப்பதாக டென்மார்க்கிலிருந்து முடிவுக் கடிதம் வந்த தேதி: 4-4-2016.