பத்துத் தொட்டில்களின் பொறுப்பு

தையல் ஆலைக் குழந்தைகள் காப்பகத்தின் சாவி, பொறுப்பாளரின் ஜன்னலோர நாற்காலி, பத்துத் தாய்மாரின் நம்பிக்கை. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத ஆயா சின்னவள் வென்றவை இவை. டிப்ளமா மேடம் மட்டும் வழியை மறிக்காமல் இருந்திருந்தால் இன்னும் சுருக்காகவே வென்றிருப்பாள்.

கூடவே வேலை பார்த்த மேடத்துக்குக் குழந்தை வளர்ப்பில் டிப்ளமாச் சான்றிதழ் உண்டு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். குழந்தைகளுக்குப் படிக்கத் தெரியாது என்பது யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியவேண்டும்.

அன்று காலையே மேலாளரம்மாவிடம் வத்தி வைத்துவிட்டாள்: "கைநாட்டு ஆள நம்பிப் பச்சக் குழந்தைங்கள எப்படி விடுறது? இந்த மாசத்தோட நிறுத்திடுங்க."

"மத்தியானம் வந்து பாக்குறேன்" என்றார் மேலாளரம்மா.

மத்தியானம் எதிர்வாடையில் செல்போன் கடைத் திறப்பு விழா. ஊருக்கே காது செவிடு என்று நினைத்த புண்ணியவான், ஆளுயர ஒலிபெருக்கியைத் தெருவைப் பார்த்து வைத்துச் சரவெடியையும் கொளுத்தினான்.

பத்துக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு, தூக்கத்திலேயே கைகளை விரித்தன.

"தூக்கு, எல்லாத்தையும் தூக்கு!" மேடம் விளக்கைப் போட்டு, கண்ணே திறக்காத ஒன்றை வாரியெடுத்துக் குலுக்கினாள். அது அப்போதுதான் விழித்து வீறிட்டது. அவள் அடுத்த தொட்டிலுக்குப் பாய்ந்தாள்.

சின்னவள் முதலில் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். தன் வரிசைத் தொட்டில்கள் ஐந்திலும் ஒவ்வொன்றின் விரிந்த கைகளையும் மெல்ல நெஞ்சோடு சேர்த்து, மேலே உள்ளங்கையை வைத்து, "ஸ்ஸ்" என்று ஒரே சீராக இழுத்தாள்.

"கண்ணு தொறக்கல மேடம். பதறுனதுதான். விட்டா அதுவே தூங்கிடும்."

"எனக்குப் பாடம் எடுக்குறியா?"

"யாருக்கும் எடுக்கல. உங்க குரலக் கொஞ்சம் இறக்குங்க, வெடியே தேவலாம்."

நான்கு அடங்கின. ஒன்று நிஜமாகவே அழுதது. அதை மட்டும் தூக்கித் தோளில் சாய்த்து, துணி ஈரமில்லை என்று பார்த்து, கண் செருகியதும் மல்லாக்கப் படுக்கவைத்தாள்.

மேடத்தின் ஐந்தும் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன. அவள் கைப்பையிலிருந்து இருமல் மருந்தை எடுத்தாள். "ரெண்டு சொட்டு விட்டா அசந்துடும்."

சின்னவள் புட்டியைப் பிடுங்கினாள். "இருமாத குழந்தைக்கு இருமல் மருந்தா? நீங்க குடிங்க, வாய் அசரும்."

மேலாளரம்மா வாசலில் நின்றிருந்தார். புட்டியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். தூங்கும் ஐந்தையும் பார்த்தார், அலறும் ஐந்தையும் பார்த்தார். "இனிமே இங்க சின்னவதான் பொறுப்பாளர்" என்றார்.

"இவள எப்படிப் பொறுப்பாளராப் போடுறதும்மா? பதிவேட்டுல கையெழுத்து வேணுமே!" என்றாள் டிப்ளமா, கடைசி ஆயுதமாக.

பால் புட்டி மாறிவிடக்கூடாதென்று பெயர்ச்சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவள் சின்னவள். அது யாருக்கும் தெரியாது. மிச்ச ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தூங்கவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயருக்கு வேண்டிய எழுத்துகள் எல்லாம் அந்தச் சீட்டுகளிலேயே இருந்தன.

பதிவேட்டில் அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேதி: ஜூலை பதினொன்று, வியாழக்கிழமை.