குடை விழுந்த கணக்கு

என் பழைய நாட்குறிப்புகளில் ஒன்றின் மேல்மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. ஆண்டு போய்விட்டது, கிழமைகள் இருக்கின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாகவோ முப்பத்தாறாகவோ இருக்கலாம். நிச்சயமாகத் தெரியாததை நிச்சயம்போல் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டது அந்த நோட்டில் ஒரே ஒருமுறைதான். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்போது நான் புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெண்கள் ஆரம்பப் பள்ளிக்கு ஓர் ஆசிரியை தேவைப்பட்டார். பன்னிரண்டு பேர் எழுதிய தேர்வுக்குக் கணக்குத் தாள் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. விடைகளை என்னோடு சேர்ந்து திருத்தியவர் எங்கள் தலைமைப் பரிசோதகர். அறுபதை நெருங்கிய கிறிஸ்தவர், பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் பேசுகிறவர். விடைத்தாளின் மூலையில் பெயரும் முகவரியும் எழுதி, அதை மடித்துப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மதிப்பெண் எல்லாம் போட்ட பிறகுதான் மூலையைப் பிரிப்போம்.

தாளில் படகுக் கணக்கு இரண்டு வைத்திருந்தேன். முதலாவது எல்லோரும் போடக்கூடியது. ஒரு படகு ஆற்றோடு முப்பது கிலோமீட்டரை மூன்று மணியில் போகிறது, அதே தூரத்தை எதிர்த்து வர ஐந்து மணி ஆகிறது. படகின் வேகம் என்ன, ஓட்டத்தின் வேகம் என்ன? ஆற்றோடு மணிக்குப் பத்து, எதிரே ஆறு. கூட்டிப் பாதி எட்டு, அது படகின் வேகம். கழித்துப் பாதி இரண்டு, அது ஓட்டத்தின் வேகம். கழித்துவிட்டுப் பாதியாக்க மறந்து, ஓட்டம் நான்கு என்று எழுதியவர்கள் மூன்று பேர். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் செய்கிற தவறு அது.

இரண்டாவது கணக்குதான் விவகாரம். ஒருவன் ஆற்றை எதிர்த்து ஒரே சீராகத் துடுப்புப் போட்டுப் போகிறான். பாலத்தின் அடியில் அவன் குடை தண்ணீரில் விழுகிறது. அரை மணி கழித்துத்தான் தெரிகிறது. உடனே திரும்பி, அதே சீரில் துடுப்புப் போட்டு வந்து, பாலத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டரில் குடையை எடுக்கிறான். ஓட்டத்தின் வேகம் என்ன?

படகின் வேகத்தை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அதை ஓர் எழுத்தாகவும் ஓட்டத்தை இன்னோர் எழுத்தாகவும் வைத்துக்கொண்டு நான் போட்டபோது ஒரு முழுப் பக்கம் பிடித்தது. கடைசியில் படகின் வேகம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், திரும்பி வரும் நேரமும் அரை மணிதான் என்று நின்றது. ஆக மொத்தம் ஒரு மணியில் குடை மூன்று கிலோமீட்டர் மிதந்திருக்கிறது. ஓட்டம் மணிக்கு மூன்று. பதினொரு பேருக்கு அது வரவில்லை. சிலர் முதல் கணக்கின் எட்டைக் கொண்டுவந்து இதில் போட்டுத் தடுமாறியிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும் இரண்டே வரி இருந்தது.

"அரை மணி விலகினால் அரை மணியில் சேரும். ஒரு மணிக்குக் குடை மூன்று கிலோமீட்டர், ஆகவே ஓட்டம் மூன்று."

பரிசோதகர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை.

"வழி எங்கே? போகும்போது எதிர்த்துப் போறான், வரும்போது ஆத்தோட வர்றான். இந்த வேகம் வேற, அந்த வேகம் வேற. ரெண்டுக்கும் அரை மணின்னு எப்படி ஒரே வரியில எழுத முடியும்?"

"விடை சரிதான்," என்றேன்.

"அதுதான்யா எனக்குப் பிடிக்கல. தப்பா இருந்தா நிம்மதியா முட்டை போட்டுட்டுப் போயிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்வித் தாள் யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான்."

"எங்க?"

"வீட்டுல. மேஜை இழுப்பறையில."

அவர் வழக்கத்தை மீறி அந்த ஒரு தாளின் மூலையை மட்டும் பேனாக்கத்தியால் பிரித்தார். அதிலிருந்த பெயரைப் படித்தேன். முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கும் பெண். தகப்பனார் துறையில் சலங்கு ஓட்டுகிறவர். கப்பல் ஆழத்தில் நின்றுவிட, சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுதான் சலங்கு. தாயார் தினமும் காலையில் எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவார். அவர்கள் வீட்டுக் கிணறு உப்பு.

"உங்க பக்கத்துப் பொண்ணா?" என்றார் பரிசோதகர், முகவரியைப் பார்த்தபடியே.

"ஆமாம்."

"ம்." அவ்வளவுதான். ஆனால் அந்த 'ம்' என் முதுகிலேயே வீடுவரை வந்தது. அவர் ஒரு வரி எழுதினால் போதும். அந்தப் பெண்ணின் தாள் தள்ளப்படும். அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு வேலை கிடைக்காது.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பைப் புரட்டினேன். முந்தின வாரம், தேர்வுக்கு முன்பு, வியாழக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: "காலை மழை. படகுக் கணக்கின் வழியைச் சுத்தமாக எழுதி மேஜையில் காயவைத்தேன். குளிக்கப் போனேன்." மேஜை ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் கிணறு. வழியை எழுதிய தாளை நான் காயவைத்த நேரமும் அந்த அம்மாள் குடத்தோடு வரும் நேரமும் ஒன்றுதான். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சில நாட்களில் மகளும் கூட வருவாள். அந்த வியாழக்கிழமை வந்தாளா என்பதை நான் குறித்து வைக்கவில்லை. எதையெல்லாமோ குறித்து வைக்கிறவன் அதைக் குறிக்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் அந்த ஜன்னலை நான்கைந்து இடத்திலிருந்து நின்று பார்த்தேன். கிணற்றடியிலிருந்து பார்த்தால் மேஜையின் விளிம்பு தெரிந்தது. தாள் தெரியுமா என்று ஒரு பழைய தாளை வைத்தும் பார்த்தேன். வெள்ளையாக இருப்பது தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. இளவயதுக் கண்ணுக்குத் தெரியலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை அந்த அம்மாள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். பொதுவாக நான் அந்த நேரத்தில் பின்பக்கம் போகிறவன் அல்ல.

"போன வாரம் மழை பெஞ்ச அன்னிக்கு நீங்க மட்டுமா வந்தீங்க?"

"எந்த மழைக்குங்க?"

"வியாழக்கிழமை. பொண்ணும் வந்துச்சா?"

அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஒரு தரம் பார்த்தார். "ஞாபகம் இல்லீங்க. ஏன், எதாச்சும் காணாப் போச்சா?"

"இல்லை, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறவங்க கிழமை சொல்லிக் கேக்க மாட்டாங்களே," என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பரிசோதகர் அந்தப் பெண்ணை நேரில் அழைத்திருந்தார். கிணற்றைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கேள்வியே கேட்காமல் தாளைத் தள்ளிவிடுவார். சொல்லாவிட்டால் அவள் திருடியிருக்கும் பட்சத்தில் நானும் அதற்கு உடந்தை. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்பது இன்றும் எனக்குத் தெளிவில்லை.

வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அரை மணியில சேரும்னு எழுதியிருக்கே. எப்படிம்மா?" என்றார் பரிசோதகர்.

"சேரும் முசியே. அதான் எழுதினேன்." பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களை ஐயா என்பதற்குப் பதில் முசியே என்பது எங்கள் ஊர் வழக்கம்.

"திரும்பி வர்றப்போ படகு வேகமா வருமே. அரை மணிக்கு முன்னாடியே பாலத்துக்கு வந்துடுமே?"

"பாலத்துக்கு வந்துடும். குடை பாலத்துலயா இருக்குது? அதுவுந்தான் ஓடுது." கொஞ்சம் தயங்கினாள். "எங்கப்பா பலகை தண்ணியில தவறிப் போச்சுன்னா கரையப் பாக்க மாட்டாரு. பலகைய மட்டுந்தான் பாப்பாரு. தண்ணி பலகையவும் இழுக்குது, படகையும் இழுக்குது. ரெண்டுக்கும் பொதுவா இழுக்கறத விட்டுட்டா, மிச்சம் துடுப்பு மட்டுந்தான். எவ்வளவு நேரம் தள்ளிப் போட்டமோ அவ்வளவு நேரம் திருப்பிப் போட்டா கைக்கு வந்துடும்."

நான் எழுதிய பக்கம் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் இப்படி ஒரு வரிகூட இல்லை. எழுத்துகளும் கூட்டல் கழித்தலும்தான். என் தாளைப் பார்த்தவள் என் வழியை அல்லவா எழுதியிருக்க வேண்டும்? வெள்ளிக்கிழமையே தோன்றியிருக்க வேண்டிய இது திங்கட்கிழமைதான் தோன்றியது.

பரிசோதகர் இன்னும் விடவில்லை. "சரி. கணக்கை மாத்தறேன். குடை போனது தெரிஞ்சதும் அவன் திரும்பல. களைச்சுப் போய்க் கால் மணி துடுப்பை மடியில வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கான். அப்புறம் திரும்பறான். குடை கிடைச்சது பாலத்துக்கு அஞ்சு கிலோமீட்டர் கீழ. ஓட்டம்?"

"நாலு," என்றாள்.

அவர் தாளை எடுத்தார். நெடுநேரம் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். எனக்கு மனத்தில் வந்துவிட்டது: சும்மா இருந்தால் படகும் குடையோடு மிதக்கிறது, இடைவெளி மாறாது. அரை, கால், அரை, ஒன்றேகால் மணி. அதில் ஐந்து கிலோமீட்டர் என்றால் மணிக்கு நான்கு. ஆனால் நான் பேசினால் அதுவே சந்தேகமாகும். அவர் கடைசியில் நான்கு என்று வட்டம் போட்டார். போட்டுவிட்டு நிமிரவில்லை.

"சும்மா இருக்கல. நங்கூரம் போட்டு நின்னான். அதே கால் மணி. அதே அஞ்சு கிலோமீட்டர். இப்போ?"

இந்த முறை அவள் விரலால் மேஜைமேல் ஒரு கோடு இழுத்தாள்.

"நங்கூரம் போட்டா படகு நின்னுடும், குடை மட்டும் போயிடும். அந்த எச்சுத் தூரத்தைத் துடுப்புப் போட்டுத்தான் பிடிக்கணும். படகு எவ்வளவு வேகம்னு நீங்க சொல்லல முசியே. சொல்லாம இது வராது."

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது பொறிதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவளுடைய தாளை இழுத்து, இரண்டாவது கணக்கின் ஓரத்தில் முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் பிரெஞ்சில் 'நேரில் விசாரித்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் போடுங்க," என்றார். போட்டேன்.

"போகலாம்மா."

எழுந்தவள் வாசல்வரை போனாள். அங்கே நின்று, அவரிடம் அல்ல, என்னிடம் சொன்னாள்.

"அம்மா நேத்து வந்து சொன்னாங்க, நீங்க கிழமை கேட்டீங்கன்னு. அப்போ எதுக்குன்னு புரியல. அன்னிக்கு நான் வரல. அம்மாவும் வரல, மழையில எங்க தொட்டி நெறஞ்சு கெடந்துச்சு."

பரிசோதகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிணறு என்ற சொல் அந்த அறையில் வரவேயில்லை. அவள் போன பிறகும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. திங்கட்கிழமைப் பக்கத்தில் "நேர்முகம் நடந்தது. திருப்தி." என்று மட்டும் எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், எப்போதும்போல் வானிலை, வாசித்த புத்தகம். அன்று காலை அந்த நேரத்துக்கு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததையும், வெயில் ஏறும்வரை கிணற்றுக் கயிறு காய்ந்தே கிடந்ததையும் எழுதவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த கிணற்றிலிருந்து அந்த அம்மாள் குடத்தோடு எங்கள் வீட்டைக் கடந்து போனார். அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படித்தான் போனார்.