சின்ன உள்ளி விலை

தாசையனுக்கு ஒரு கர்வம் உண்டு. வழியில் யாரையாவது வண்டியில் ஏற்றிக்கொண்டால் காசு வாங்கமாட்டார். நீட்டினாலும் கையைத் தட்டிவிடுவார். அந்தக் கர்வம்தான் அவர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான்.

மார்த்தாண்டத்துக்காரர். திருவனந்தபுரம் வந்து இருபது வருஷமாகிறது. முதலில் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார், சொந்த உபயோகத்துக்கு. ஒருதரம் கோயில் திருவிழாவுக்குப் போகும் வழியில் அது கவிழ்ந்து, கூட வந்த மச்சான் வேலாயுதனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் வந்து குடைந்து குடைந்து கேட்டது ஒரே கேள்வி: "வாடகைக்கு ஏற்றினாயா?" இல்லை என்றார். நிஜமாகவே இல்லை. பிரைவேட் வண்டிக்கு ஃபுல் கவர் எடுத்திருந்ததால் வேலாயுதனுக்குப் பணம் வந்தது. காசு வாங்கவில்லை என்றால் ஒரு பயலும் நம்மைத் தொடமுடியாது என்று அன்றைக்குத் தாசையன் மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஜீப்பை விற்று, கடன் வாங்கி, மஞ்சள் போர்டு போட்ட பிக்கப் வண்டி எடுத்தார். ஊரின் பெரிய சந்தையான சாலை மார்க்கெட்டில் சரக்கு ஏற்றி விதுரை வழியாகக் கல்லாறு வரைக்கும் உள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது வேலை. மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை. சரக்கு வாங்கிய கடைக்காரர்களும் கூடவே வருவார்கள். கேபினில் டிரைவரைத் தவிர இரண்டு பேருக்கு இடம் இருந்தது. பெர்மிட், ஃபிட்னஸ், பாட்ஜ், சரக்கு வண்டி இன்சூரன்ஸ், எதிலும் ஒரு குறை கிடையாது. அந்த விஷயத்தில் மனுஷர் பழுதில்லாதவர்.

2003 மழைக்காலத்தில் ஒருநாள் கல்லாற்றில் டீக்கடை வைத்திருக்கும் ரத்னாபாய் ஐந்து மூட்டை சரக்கு ஏற்றிவிட்டு கேபினில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அப்போது கௌசல்யா வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். புருஷன் கட்டட வேலையில் விழுந்து செத்தபின், கல்லாற்றுப் பாலத்தடியில் காய்கறிக் கூறு வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவள். வாரம் இரண்டு நாள் தாசையன் வண்டியில்தான் அவள் மூட்டை போகும். அன்றைக்குச் சின்ன வெங்காயம் எடுக்க வந்தவள், கையில் வெறும் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, சரக்கு எங்க?"

"சின்ன உள்ளி வெல கட்டுபடியாகலண்ணே. நான் பஸ்ஸுக்குப் போயிக்கிடுதேன்."

"பஸ்ஸா? இந்த மழையிலயா? ஏறு சும்மா."

அவள் பத்து ரூபாயை நீட்டினாள். "சாமானே இல்ல, பின்ன என்ன வாடகை? உள்ள வைம்மா அத," என்று வழக்கம்போல் தட்டிவிட்டார்.

விதுரை தாண்டிய வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது வண்டி வழுக்கி இடப்பக்கம் சாய்ந்து ஓடைக்குள் விழுந்தது. ரத்னாபாய்க்கு மணிக்கட்டு முறிந்தது. கதவோரம் இருந்த கௌசல்யாவின் இடது கால் நசுங்கிப்போனது. மெடிக்கல் காலேஜில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் கேட்டபோது தாசையன் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னார்: "கௌசல்யாக்க கையில சரக்கும் இல்ல, நான் ஒரு பைசா வாங்கவும் இல்ல சாரே. பாவமேன்னு ஏத்தினேன்." எழுதிக்கொண்டார்கள். கையெழுத்தும் போட்டார். தன் தலையெழுத்தையே எழுதிக்கொடுத்தது அப்போது அவருக்குத் தெரியாது.

தெரியவைத்தவர் அவர் போய்ப் பார்த்த கரமனை அக்ரகாரத்து வக்கீல் சாவித்ரி. பாலிசியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரத்னாபாய்க்குக் கம்பெனி குடுத்துடும். சரக்குக்கு உடையவா கூட வந்தா, அவாளுக்குக் கவர் உண்டு. வண்டி ரிப்பேருக்கும் பாஸாயிடுத்து. கௌசல்யாவுக்குத்தான் கிடையாது."

"ஏன் கிடையாது? நான் காசு வாங்கலயே!"

"அதெல்லாம் பிரைவேட் வண்டியோட கேள்வி. அதுல வாடகை வாங்கினா தப்பு. இது சரக்கு வண்டி. இதுல வாடகை வாங்கத்தானே பெர்மிட்டே குடுத்திருக்கா. இங்க கேட்கறது ஒண்ணுதான், வந்தவாளுக்குச் சரக்கு இருந்துதா? சரக்கில்லாம ஏறினவா, காசு குடுத்தாலும் குடுக்காட்டாலும், கம்பெனிக்கு அந்நியம். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு."

"அப்ப அவளுக்கு யாரு குடுப்பா?"

"நீங்கதான்."

தாசையனுக்கு வண்டிக் கடனே பாதி நிற்கிறது. பணத்தைவிட இன்னொன்று அவரை அரித்தது. வண்டியின் தகரத்துக்குப் பணம் உண்டு, அந்தப் பெண்ணின் காலுக்கு இல்லையாம். இது என்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

வழி சொன்னவள் ரத்னாபாய். நல்ல மனசுக்காரி. கட்டுப் போட்ட கையோடு இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். "எனக்க அஞ்சு மூட்டையில ஒண்ணு சின்ன உள்ளி. அது கௌசல்யாக்க மூட்டைன்னு வைப்போம். ரெண்டு பேருக்குமா ஒரே பில் போட்டோம்னு நான் வந்து சொல்லுதேன். போலீஸ்ல அண்ணன் பதட்டத்துல சொல்லிட்டாருன்னு ஆவட்டும். கம்பெனிக்கு என்ன, குடியா முழுகிரும்?"

சாவித்ரியிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். "நான் இதைக் கேட்கலை. நீங்களும் வேண்டாம்." இவர்கள் கேட்டால்தானே! கௌசல்யா மட்டும் முதலில் வேண்டாம் என்றாள். பிள்ளைகளை நினைத்தோ என்னவோ, கடைசியில் சரி என்றாள்.

விபத்துக் கோர்ட்டில் கூண்டேறும் நாள் வர ஒன்றரை வருஷமானது. தாசையன் பின்பெஞ்சில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். கௌசல்யா ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டு நன்றாகத்தான் சொன்னாள். ஆமாம், ஒரு மூட்டை சின்ன உள்ளி, ஐம்பது கிலோ, என்னோடதுதான். கம்பெனி வக்கீல் போலீஸில் தாசையன் சொன்னதை வாசித்துக் காட்டினார். அதற்கும் அவள் அசையவில்லை. அப்பாடா என்று தாசையன் மூச்சு விட்டார்.

வக்கீல் ரத்னாபாயின் பில்லை எடுத்தார். "கிலோ இருபத்தெட்டு ரூபா போட்டிருக்கு. இந்த விலைக்கா வாங்கினீங்க?"

கௌசல்யாவின் முகம் சிவந்துவிட்டது. பத்து வருஷம் சந்தையில் பேரம் பேசிய வாய் அது, சும்மா இருக்குமா? "இருபத்தெட்டா? அந்த வெலைக்கு எவளாவது வாங்கி யாவாரம் பண்ண முடியுமா சாரே? அதனாலதான வெறுஞ்சாக்கோட திரும்புனேன்!"

சொல்லி முடித்தபின்தான் அவளுக்கே விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீல் இனி கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பும் அப்படியே வந்தது. கம்பெனிக்குப் பொறுப்பில்லை. ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை வட்டியோடு வண்டிக்காரர் கட்டவேண்டும். கோர்ட்டு வாசலில் கௌசல்யா குலுங்கிக் குலுங்கி அழுதாள். "வாய் தவறி வந்துட்டுண்ணே. உங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டேனே."

"நீ உள்ளதத்தான சொன்ன," என்றார் தாசையன்.

பிக்கப் விலையானது. கடன் போக மிஞ்சியதும், மார்த்தாண்டத்தில் அவருக்கிருந்த ஆறு சென்ட் நிலத்தை விற்ற பணமும் கௌசல்யாவின் கணக்கில் போய்ச் சேர்ந்தன. வண்டியை வாங்கிய சாலை மார்க்கெட் கடைக்காரர் அவரையே சம்பளத்துக்கு டிரைவராக வைத்துக்கொண்டார். அதே வண்டி, அதே கல்லாறு ரோடு. கேபின் கதவில் மட்டும் முதலாளி புதிதாக எழுதிவைத்திருந்தார், சரக்கில்லாதவர் ஏறக்கூடாது என்று.

அடுத்த ஆனி மாதம் விதுரை பஸ் ஸ்டாப்பில் கொட்டுகிற மழையில் கௌசல்யா ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். வண்டியைக் கண்டதும் பழக்கத்தில் கையைத் தூக்கியவள், பாதியிலேயே இறக்கிக்கொண்டாள். தாசையனுக்கு மனசு கேட்கவில்லை. பிரேக்கை மிதித்து, கதவை எட்டித் திறந்தார்.

"போங்கண்ணே," என்றாள் கௌசல்யா. "கை சும்மாத்தான் இருக்கு."

அவர் கதவைச் சாத்தினார். கல்லாறு வரைக்கும் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.