மறைநகலில் நான் சேர்த்த முகவரி

அந்த ஆசிரியைக்கு மார்பில் கட்டி இருந்தது. அது புற்றுநோய் என்று மதுரையில் உறுதி செய்து, அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. மருத்துவமனைக்கு வெளியே அறிந்தவர்கள் மூன்று பேர்: கூட வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியை, காப்பீட்டுக் கம்பெனியில் கோரிக்கைகளைப் பார்க்கும் அதிகாரி, முகவரான நான். அந்தச் செய்தி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்னால்தான்.

நான் படிக்காதவன் அல்ல. எம்.ஏ. முடித்து, அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையின் அலுவலக மேலாளராக ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் மருத்துவக் காப்பீட்டு முகவரானேன். பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு மாடி அறை, ஒரு கணினி. இந்த வறண்ட பக்கத்தில் யாரும் முகவரை நம்பிப் பாலிசி எடுப்பதில்லை. கூட்டிக்கொண்டு வருகிறவரை நம்பித்தான் எடுப்பார்கள். அவர் பருத்தித் தரகராக இருக்கலாம், உரக்கடை முதலாளியாக இருக்கலாம். கூட்டி வந்தவருக்குத் தெரியாமல் அந்த வீட்டோடு எதுவும் பேசிவிடக் கூடாது. பேசினால் அவருக்கு மரியாதைக் குறைவு. ஆலையில் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'நகல்' என்று போட்டு நாலு பேரைச் சேர்த்துப் பழகிய எனக்கு இந்த வழக்கம் சுலபமாக ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சலில் கூட்டி வந்தவரை நகலில் சேர்த்துவிடுவேன்.

அதனால் ஒரு தடவை அடி வாங்கினேன். ஒரு பொங்கலுக்கு, என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் நகலில் போட்டு வாழ்த்து அனுப்பினேன். எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதிலிருந்த ஒருவருடைய மச்சான் வேறு கம்பெனி முகவர். அவர் வரிசையாக எல்லோருக்கும் எழுத ஆரம்பித்தார். கம்பெனிக் கிளையில் ஒரு பெண் என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பலருக்கு ஒரே பொதுச் செய்தி போகும்போது முகவரிகளை மறைநகலில், அதாவது பிசிசியில், போட வேண்டும். அப்போது ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. பிறகு கம்பெனியிலிருந்தே ஒரு சுற்றறிக்கை வந்தது: ஒருவருடைய பாலிசி விவரம் போகும் கடிதத்தில், அவர் சம்மதிக்காத மூன்றாம் ஆளை நகலில் சேர்க்கக் கூடாது.

இரண்டையும் நான் என் வசதிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். நகலில்தானே சேர்க்கக் கூடாது, மறைநகலில் சேர்ப்போம். சேர்த்தது யாருக்கும் தெரியாது, கூட்டி வந்தவருக்கும் மரியாதை குறையாது. மறைநகல் மறைப்பது முகவரியை மட்டும்தான், கடிதத்துக்குள் இருப்பது முழுசாக அந்த ஆளின் கைக்குப் போகிறது என்பதை நான் யோசிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் சேர்த்தேன்.

ஆசிரியைக்கு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஊர். தனியார் பள்ளியில் வேலை. கணவர் மானாவாரிப் பருத்தியும் கம்பும் போடுகிறவர். அவர்களை என்னிடம் கூட்டி வந்தவர், ஆசிரியையின் பெரியப்பா மகன். டவுனில் உரக்கடை வைத்திருப்பவர். என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அவர் கொண்டுவந்தவர்கள்தான். ஆசிரியையின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். மாப்பிள்ளை, உரக்கடைக்காரர் மனைவியின் அண்ணன் பையன்.

ஒரு நாள் ஆசிரியை என் அறைக்கு வந்து, மருத்துவமனைக் காகிதங்களை மேஜையில் வைத்தார்.

"சார், பள்ளிக்கூட லீவுல மதுரையில ட்ரெய்னிங்னு வீட்ல சொல்லிட்டேன். கூட வேல பாக்குற டீச்சர் தொணைக்கு வாரா. ஆபரேஷன முடிச்சுட்டு நானே எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிக்கிருவேன்."

"அவருகிட்ட முன்னாடியே சொல்லிறலாமேம்மா."

"சொன்னா அவுக என்னய விடமாட்டாக சார். மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா, ஆத்தாளுக்கு வந்தது மகளுக்கும் வரும்பாக. கல்யாணம் முடியட்டும், பெறகு பாப்போம்னு உக்கார வச்சுருவாக. டாக்டர் தள்ளிப் போடக் கூடாதுங்கிறாரு. இது உங்களோட இருக்கட்டும்."

"என் வாயிலேருந்து வெளிய போகாதும்மா" என்றேன். வாயிலிருந்து போகவில்லை என்பது உண்மைதான்.

மருத்துவமனை, சிகிச்சைச் செலவை ஏற்க முன் அனுமதி கேட்டு கம்பெனிக்கு எழுதியது. கம்பெனி ஒரு விளக்கம் கேட்டது: அறிகுறி முதலில் எப்போது தெரிந்தது, திசுப் பரிசோதனை அறிக்கையின் பிரதி வேண்டும். அந்தக் கேள்விக் கடிதம் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பாக வந்தது. நான் அதை ஆசிரியைக்கு அனுப்ப உட்கார்ந்தேன். பெறுநர் இடத்தில் அவர் முகவரி. நகலில் கம்பெனி அதிகாரியின் முகவரி. அது சரியானது, கோப்பு அவரிடம்தான் இருந்தது, ஆசிரியைக்கும் அது தெரியும். பூட்டிய கோப்பை அப்படியே அனுப்பியிருந்தால் போதும். நானோ, புரியட்டும் என்று நோயின் பெயரையும் அறுவையின் பெயரையும் தமிழில் விளக்கி எழுதினேன். தலைப்பிலேயே 'மார்பகப் புற்றுநோய் சிகிச்சை' என்று போட்டேன். பிறகு மறைநகலில் உரக்கடைக்காரரின் முகவரியைச் சேர்த்தேன்.

விரல் ஒரு கணம் நின்றது. அவர் மெயிலே பார்ப்பதில்லை, சேர்த்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளத்தான் என்று எனக்கே ஒரு சமாதானம். நாளைக்கு "எந் தங்கச்சி விஷயத்த எங்கிட்ட மறச்சுட்டீரேய்யா" என்று கேட்டால் பதில் வேண்டுமே. அவர் போனால் பாதி வாடிக்கை போய்விடும். அனுப்பிவிட்டேன்.

உரக்கடைக்காரர் அன்றைக்கு ஆடிட்டரின் ஜி.எஸ்.டி. மெயிலுக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தலைப்பு கண்ணில் பட்டிருக்கிறது. பதறிப்போய், வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியில் சொல்லி, அனைவருக்கும் பதில் என்பதை அழுத்திவிட்டார்.

மறுநாள் கம்பெனி அதிகாரி கூப்பிட்டார்.

"சார், 'என்னத்தா இது, அண்ணன்ட்டகூடச் சொல்லாம இருந்துட்டியே'ன்னு ஒரு மெயில் வந்துருக்கு. யாரு சார் இது? உங்க மெயில்ல இவரு பேரே இல்லையே."

அனுப்பிய கடிதத்தைக் கணினியில் திறந்தேன்.

"பிசிசி போட்டீங்களா?"

"ஆமா."

"சார், பிசிசில வந்த ஆளு ரிப்ளை ஆல் அடிச்சா, உங்களுக்கு மட்டுமில்ல, டூல இருக்கவங்களுக்கும் சிசில இருக்கவங்களுக்கும் போயிரும். அந்தம்மாவுக்கும் போயிருக்கும். அத விடுங்க. அவரு அடிக்காமயே இருந்தாலும் இது தப்புதான. அந்தம்மா சம்மதம் எழுதிக் குடுத்துருக்காங்களா?"

"இல்ல."

"நான் மேல எழுதியாகணும் சார். கோவிச்சுக்காதீங்க."

கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது. ஆசிரியையைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். சாயங்காலம் எடுத்து, "அண்ணன் எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுட்டாக சார்" என்றார். பின்னால் ஓர் ஆண் குரல் கத்திக்கொண்டிருந்தது. போன் நின்றது.

உரக்கடைக்கு ஓடினேன். மூட்டைகளுக்கு நடுவே நின்று, "நீங்க சொன்னா அவுக வீட்ல கேப்பாக. ஆபரேஷனுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"யோவ் மேனேஜரு, நீரு படிச்ச மனுசன்தான? எந் தங்கச்சி சாகணும்னா நான் நெனைக்கேன்? தேதி குறிச்சாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. ரெண்டு மாசம். அதுக்குள்ள என்ன மல சரிஞ்சுரப் போகுது?"

"டாக்டர் தள்ளக் கூடாதுங்கிறாரே."

"டாக்டரு அப்பிடித்தான் சொல்லுவாரு, அவருக்கு ரூம்பு வாடக வரணும்ல. மாப்ள வீடும் எனக்குச் சொந்தம்யா. நாளைக்கு எம் பொண்டாட்டி மூஞ்சில நான் முழிக்கணும்ல." குரல் தணிந்தது. "நீரு எதுக்குய்யா எனக்கு அந்தக் கருமத்த அனுப்புனீரு? தெரியாமயே இருந்துருப்பேனே."

அவர் கேட்டதைவிடச் சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

திருச்சுழி பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஆசிரியையின் ஊருக்குப் போனேன். கணவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். முரடர் அல்ல, பயந்துபோயிருந்தார். "சார், எம்பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சுன்னா இவ உசுரோட இருந்து என்ன செய்யப் போறா? அவளே சொல்லுதா, கல்யாணம் முடியட்டும்னு. நீங்க போங்க." உள்ளே பார்த்து, "நீயே சொல்லு" என்றார். ஆசிரியை கதவருகே வந்து நின்று, "கல்யாணம் முடியட்டும் சார்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். இதற்குத்தான் பயந்து அவர் என்னிடம் வந்திருந்தார்.

முன் அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. அதற்குள் மருத்துவமனையில் சேராவிட்டால் அது செல்லாது, மறுபடியும் கேட்க வேண்டும். என் மெயில் போன அன்றைக்கே ஆசிரியை விளக்கமும் அறிக்கையும் அனுப்பிவிட்டதால் அனுமதி வந்தது. ஒவ்வொரு நாளும் மருத்துவமனைக் காப்பீட்டு மேஜைக்குப் போன் செய்து, அவர் வந்தாரா என்று கேட்டேன். ஒரு நாள் அங்கிருந்த பெண், "சார், பேஷண்ட் விவரத்த நாங்க இனிமே உங்ககிட்ட சொல்ல முடியாது. அந்தம்மா சொல்ல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றாள். அனுமதி காலாவதியானது எனக்குக் காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கம்பெனி என்னை விசாரித்தது. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். முகவர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்தேன். அது தண்டனை என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சில மாதம் கழித்து ஆசிரியையை பஸ் நிலையத்தில் பார்த்தேன். தலையைச் சேலை முந்தானையால் மூடியிருந்தார். பக்கத்தில் கணவர், ஒரு கட்டைப்பையில் ஸ்கேன் படங்களோடு. என்னைப் பார்த்ததும் கணவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"மொதல்ல ஊசி மருந்து ஏத்துறாக சார். அக்குள்லயும் வந்துருச்சு. சுருங்கினா ஆபரேஷன்."

"அன்னைக்கே போயிருந்தா..."

"அத மட்டும் கேக்காதீங்க சார்."

நான் கையைக் கூப்பினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு, "இப்ப எல்லாருக்கும் தெரியும். மாப்ள வீட்லேருந்துதான் கஞ்சி வச்சுக் குடுத்து விடுறாக" என்றார். அதில் கசப்பு இல்லை. அப்படியானால் அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்திருந்தாலும் கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காதோ என்று ஒரு நொடி என் மனம் தாவியது, எனக்கு விடுதலை தேடி. ஆகியிருக்குமா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். அதை அவர் கையிலிருந்து பிடுங்கியவன் நான்.

மதுரை பஸ் வந்தது. கணவர் முதலில் ஏறி ஜன்னல் ஓரம் இடம் பிடித்தார். ஆசிரியை படியில் கால் வைக்கச் சிரமப்பட்டார். நான் கை நீட்டினேன். அவர் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.