கோடு போடாத விட்டம்

“இது சுவராம்மா, அடுப்புக்கரியா?”

கட்டட அலுவலகத்தில் படம் வரைபவள் அவள்; அவள் போட்ட வரைபடத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார் இடியண்ணன். செங்கல்லுக்குரிய சாய்கோடுகளை அவள் மிக நெருக்கமாகப் போட்டிருந்ததால், அச்சில் அவை ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பாகியிருந்தன.

“செங்கல்தாண்ணே. கோடு நெருங்கிடுச்சு.”

“அப்ப இந்தக் கொசுக்கடி?”

“புள்ளியும் குட்டி முக்கோணமும் கான்கிரீட்.”

“மரக்கட்டை?”

“குறுக்கே வெட்டினா உள்ளே பெருக்கல் குறி போடுவோம். இழைச்ச மரம்னா ரேகை.”

“எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன். செங்கல்னா சம்மட்டி, கான்கிரீட்னா மிஷின். மாத்தி எடுத்துட்டுப் போக வெச்சே, முதல் அடி உன் மண்டைக்குத்தான்.”

அவர் சிரிக்கவில்லை. அவள் கோடுகளை அகட்டி, புதிதாக அச்செடுத்துக் கொடுத்தாள்.

கட்டடம் இடிப்பதுதான் அவர் தொழில். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துவிட்டதாகச் சொல்வார்கள். தூண் ஒன்று சாய்ந்ததில் வலக்கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. மிச்சமிருந்த மூன்றாலேயே ஆட்களின் சட்டையைப் பிடித்துத் தூக்குவார். தலைக்கவசம் போடாமல் ஏறியவனை அறைந்து பல்லைக் கழற்றியிருக்கிறார். அவனே மறுநாள் வேலைக்கு வந்ததுதான் வேடிக்கை. அவருடைய ஆட்களில் அடி வாங்காதவன் அவர் மச்சினன் ஒருவன்தான். “என் தம்பி மேல ஒரு கீறல் விழுந்தாலும் நீங்க இந்த வாசப்படி ஏறக்கூடாது” என்று மனைவி சொல்லிவைத்திருந்தாள். ஊரையே மிரட்டுகிறவர் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் அடங்கிப் போனார்.

இந்த முறை ஒரு பழைய கிடங்கில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுக்க வேண்டும். கட்டடத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும் வெட்டுத்தோற்றத்தில் அந்தச் சுவரை விட்டு விட்டுப் போட்ட கோடுகளால் காட்டியிருந்தாள்; அது போக வேண்டியது. அதன் மேலே ஓடிய விட்டத்துக்குத் தடித்த கோட்டால் விளிம்பு மட்டும் போட்டு, உள்ளே ஒன்றும் நிரப்பாமல் விட்டாள். பூச்சுக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் ‘உடைத்துப் பார்க்கவும்’ என்று எழுதினாள்.

மாடிப்படிக்கான தாளைக் கொடுக்க அவள் போன காலையில் இடிப்பு பாதிக்கு மேல் முடிந்திருந்தது. புழுதியில் கண் எரிந்தது. பலகையில் ஆணியடித்திருந்த வரைபடத்தை நெருங்கிப் பார்த்தாள். விட்டத்துக்குள் புள்ளிகளும் முக்கோணங்களும் நிரம்பியிருந்தன. அவள் எழுதிய வரியைக் காணோம்.

பக்கத்தில் நின்ற அவளுடைய அலுவலக முதலாளி, “கட்டட ஓனர் பார்க்கிறப்போ ஓட்டை மாதிரி இருந்துச்சு, நிரப்பிட்டேன்” என்றார். “கான்கிரீட்டாத்தான் இருக்கும்.”

கான்கிரீட் என்றால் விட்டம் தூணுக்குத் தூண் தானே நிற்கும். அடியில் முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அதை நம்பித்தான் முட்டில்லாமல் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, நிறுத்துங்க. அந்த விட்டம் என்னன்னு யாருக்கும் தெரியாது. அந்தப் புள்ளி நான் போட்டதில்லை.”

“நீ அடிக்கச் சொல்லுய்யா, நேரம் போகுது” என்றார் முதலாளி.

இடியண்ணன் இருவரையும் ஒருமுறை பார்த்தார். கடப்பாறையை எடுத்து விட்டத்தின் ஒரு கோடியில் ஓங்கிக் குத்தினார். பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே கறுத்து, செல்லரித்த மரம். கடப்பாறை முனை அதில் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. இத்தனை நாளும் அதைத் தாங்கி நின்றது கீழே இருந்த சுவர்தான்.

விட்டத்தின் நடுவுக்கு நேர் அடியில், சாரப்பலகை மேல் மச்சினன் சம்மட்டி ஓங்கியிருந்தான். காதில் பஞ்சு, கூப்பிட்டால் கேட்காது. இடியண்ணன் ஓடிப்போய்ச் சாரத்தின் காலை எட்டி உதைத்தார். பலகை கவிழ்ந்து அவன் பக்கவாட்டில் தரையில் விழுந்தான். முழங்கை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. காலரைப் பிடித்து அவனை வெளியே இழுத்த அந்த மூச்சில், விட்டம் நடுவில் முறிந்து, மேலிருந்த செங்கல் அத்தனையும் அவன் நின்ற இடத்தில் கொட்டியது.

புழுதி அடங்குமுன் அவர் முதலாளியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். முதல் குத்தில் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் கன்னம் கிழிந்தது. கீழே தள்ளி விலாவில் மிதித்தார். “நிரப்பிட்டியா? நிரப்பிட்டியா?” என்று மிதிக்கு ஒருமுறை கேட்டார். ஐந்து பேர் சேர்ந்து இழுத்தும் அவர் கை விடவில்லை. வரைபடம் முழுக்க ரத்தம் தெறித்திருந்தது. அவள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

மறுநாள் காவல் நிலையத்தில் இடியண்ணனைப் பார்க்கப் போனாள். அவர் உதடு வீங்கியிருந்தது, காவலர்கள் அடித்திருந்தார்கள். மருத்துவமனையில் கிடந்த முதலாளி, ‘வரைந்தவள் அவள்தான், தப்பு அவளுடையது’ என்று எழுதிக் கொடுத்திருப்பதாகக் காவலர் சொன்னார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் அவள் வேலை போகும் என்பது அவளுக்கும் தெரியும், இடியண்ணனுக்கும் தெரியும்.

“தம்பி எப்படி இருக்கான்?”

“கையில கம்பி வெச்சிருக்காங்கண்ணே. பிழைச்சுட்டார்.”

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“அடிச்சேன்னு நானே சொல்லிக்கிறேன், அதுக்கு நீ சாட்சி சொல்ல வேண்டாம். என் பொண்டாட்டிகிட்ட போயி, அந்த விட்டத்துக்குள்ள நீ ஒண்ணும் போடலை, உன் முதலாளிதான் கான்கிரீட்னு நிரப்பினான்னு மட்டும் சொல்றியாம்மா? நான் கண்ணு தெரியாம அவனை அங்க ஏத்தலைன்னு அவளுக்குத் தெரியணும்.”