ஆரிபா வீட்டு மாடித் தொட்டி

ஆரிபா அக்காவுக்குப் பொய் சொல்லவே வராது என்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே நம்பியது. தையல் சரியில்லை என்றால், தைத்தது சொந்த நாத்தனாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்.

மூட்டுவாதத்தில் அவர் விரல்கள் கோணிப்போயிருந்தன. மார்கழியில் விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் துடித்துப்போவார். அடுப்பு மூட்டித் தா என்று மட்டும் யாரையும் எழுப்ப மாட்டார். அப்படியொரு வீம்பு.

மகள் சப்ரீன், ராஜபாளையத்தில் நான் தெர்மல் பாடம் எடுக்கும் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவளுடைய புராஜெக்ட் சோலார் வாட்டர் ஹீட்டர். வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மாதிரி வைத்திருந்தாள், இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி. ஒன்றில் கறுப்புத் தகட்டோடு செப்புக் குழாய்களைப் பற்றவைத்து மேலே கண்ணாடி மூடியிருந்தாள். இன்னொன்றில், பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குழாய்கள். அது சின்னது, சோதனைக்கு மட்டும். தகட்டுத் தொட்டியின் தண்ணீர்தான் அம்மாவுக்கு.

தினமும் சாயங்காலம் அவளே வெப்பம் பார்ப்பாள். விடியற்காலைக் கணக்கை அம்மாவிடம் கேட்பாள். "நல்ல சூடுட்டி. கை எம்புட்டுச் சொகமா இருக்கு தெரியுமா?" என்பார் அக்கா.

மார்கழிப் பனியில் ராத்திரி முழுக்க அந்தச் சூடு நிற்குமா என்று எனக்கு உறுத்தியது. ஒருநாள் விடியுமுன் நானே போய்த் தெர்மாமீட்டரை விட்டேன். தகட்டுத் தொட்டி சில்லென்றிருந்தது. கண்ணாடிக் குழாய்த் தொட்டியில் சூடு அப்படியே இருந்தது.

காரணம் கண்ணெதிரே இருந்தது. அம்மா குனியாமல், எக்காமல் குழாயைத் திறக்க வேண்டும் என்று சப்ரீன் தொட்டியைத் தாழ்த்தி வைத்திருந்தாள். தொட்டியின் அடி, தகட்டின் மேல்விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் இரவில் தகட்டில் ஆறிய தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும், சூடான தண்ணீர் தகட்டுக்குப் போய் ஆறும். பகலில் ஏறிய சூடெல்லாம் வானத்துக்குப் போனது.

"அக்கா, ஏன் சொல்லலை?"

"புள்ள எனக்காகச் செஞ்சது. சூடில்லைன்னு எந்த வாயால சொல்ல?"

சப்ரீன் அழுதாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அன்று காலையிலேயே தொட்டியை உயர்த்தி, குழாயை மட்டும் அக்காவின் கைக்கு இறக்கினோம். பகல் முழுக்க நல்ல வெயில். "நாளைக்கு நெசத்தைச் சொல்லணும்" என்று மிரட்டினேன். சிரித்தார்.

அன்றிரவே மாரடைப்பில் போய்விட்டார்.

விடிந்ததும் குளிப்பாட்ட வந்த பெண்கள் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டார்கள். அடுப்பு மூட்டப் போனவர்களைச் சப்ரீன் தடுத்தாள். நான் மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். வாளியில் ஆவி பறந்தது. பச்சைத் தண்ணீர் கலந்துதான் கீழே இறக்க வேண்டியிருந்தது.

சப்ரீன் வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தாள்.

"மிஸ், சூடா இருக்குன்னு அம்மா இன்னிக்குச் சொல்லியிருந்தா, அது நெசமா இருந்திருக்கும்."